அப்பாவுக்கு வந்த 'கணக்கு சரிபார்ப்பு' செய்தி, வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே நிற்கிறது. உண்மையா, போலியா?

மழைச்சாரல் · மார்ச் 4, இரவு 9.40

அப்பாவின் போனுக்கு இன்று மதியம் 2.10-க்கு வந்த செய்தி இது. வங்கியின் பெயரை mybank என்று மாற்றியிருக்கிறேன். யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்பதால் லிங்க்கில் உள்ள சொற்களையும் எண்களையும் மாற்றிவிட்டேன். அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

```
அன்புள்ள வாடிக்கையாளரே, XX4471 என முடியும் கணக்கின்
சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது. இன்று இரவு 11.59-க்குள்
உறுதி செய்யாவிட்டால் கணக்கு நிறுத்தி வைக்கப்படும்.
https://mybank.example.account-confirm.test/v/8kq2
```

இந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்த உடனே அழித்துவிடுவேன். இதில் தடுமாறுகிறேன். முதலாவது, இது புது எண்ணிலிருந்து வரவில்லை. வங்கி வழக்கமாக இருப்புத் தொகை அனுப்பும் அதே உரையாடலில், போன மாதச் செய்திக்குக் கீழே வந்திருக்கிறது. அடுத்து, கடைசி நான்கு இலக்கம் அப்பாவின் கணக்கு எண்ணேதான். அப்புறம், அந்த லிங்க்கை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வங்கியின் உண்மையான முகப்புப் பக்கம்தான் திறந்தது.

இதற்குக் கீழே 2.26-க்கு ஒரு ஆறு இலக்க எண்ணும் வந்திருக்கிறது, அது எதற்கு என்று புரியவில்லை. அப்பா "வங்கிதான் கேட்கிறது, செய்துவிடு" என்கிறார். இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நேர்வழி · மார்ச் 4, இரவு 9.52

போலிச் செய்தி என்றால் எழுத்துப்பிழை இருக்கும். இதில் ஒரு பிழைகூட இல்லை, நிலுவை என்பதையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறார்கள். லிங்க்கும் https என்று தொடங்குகிறது, பூட்டுக் குறியும் வரும். வங்கியின் பக்கமே திறந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். எனக்கு உண்மை போலத்தான் தெரிகிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வழி: முதலில் வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டைப் போடுங்கள். போலிப் பக்கம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளும், உண்மைப் பக்கம் என்றால் தவறு என்று சொல்லும்.

வலைநூல் · மார்ச் 4, இரவு 10.03

எதையும் போட வேண்டாம். இது போலி, முகவரியிலேயே தெரிகிறது.

முகவரியை இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாந்துவிடுவோம். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக, புள்ளி புள்ளியாகப் பின்னோக்கி வாருங்கள். உங்கள் லிங்க்கில் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்பது `test`. அதற்கு முன்னால் `account-confirm`. ஆக, இந்தத் தளத்தின் சொந்தக்காரர் `account-confirm.test` என்ற பெயரைப் பதிவு செய்தவர். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டுக்குள் தானே எழுதி மாட்டிக்கொண்ட பலகை. அங்கே mybank.example என்று எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம், வங்கிக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உண்மையான வங்கியின் முகவரியாக இருந்தால் முறை தலைகீழாக இருக்கும். `https://account-confirm.mybank.example/` என்று, வங்கியின் பெயர் சாய்கோட்டை ஒட்டி நிற்கும். இரண்டிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். எது கடைசியில் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

போன் திரை குறுகலாக இருப்பதால் கண்ணுக்கு முதலில் படுவது mybank.example மட்டும்தான். அதற்காகவே முன்னால் வைத்திருக்கிறார்கள்.

நேர்வழி, பூட்டுக் குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தத் தளம் யாருடையது என்று அது சொல்லாது. திருடனின் தளத்துக்கும் அந்தச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும், சில நிமிடங்களில். மக்கள் அதை நம்பிக்கைச் சின்னமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் பூட்டையே எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள்.

தேன்சிட்டு · மார்ச் 4, இரவு 10.09

எனக்கும் கணக்கை நிறுத்தி வைத்தார்கள் அக்கா. போன் எண்ணை மாற்றினேன், பழைய எண்ணுக்கே ஓடிபி போய்க்கொண்டிருந்தது. கிளைக்கு மூன்று தடவை நடந்தேன். அடையாள அட்டையும் விண்ணப்பமும் கொடுத்த பிறகுதான் திறந்தார்கள். நீங்களும் நாளைக்கு அப்பாவை நேரில் அழைத்துப் போய்விடுங்கள், நிறுத்தி வைத்தாலும் திரும்ப வாங்கிவிடலாம்.

பழைய கணக்கர் · மார்ச் 4, இரவு 10.17

தேன்சிட்டு, உங்களுக்கு நடந்தது வேறு. அங்கே கணக்கு உண்மையாகவே நின்றிருந்தது. இங்கே எதுவும் நிற்கவில்லை, நிற்கும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள்.

மழைச்சாரல், நான் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பல வருடம் இருந்தவன். வலைநூல் சொன்னது சரி, லிங்க் போலி. ஆனால் எனக்குக் கவலை லிங்க் இல்லை. 2.26-க்கு வந்த ஆறு இலக்க எண். கேட்காமல் ஓடிபி வராது. யாரோ உங்கள் அப்பாவின் பெயரில் வங்கியிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள், அதற்கு வங்கி அனுப்பியது அது. அதாவது அந்த உரையாடலில் மேலே இருப்பது போலி, கீழே இருப்பது அசல்.

உடனே இரண்டு காரியம். அந்த ஓடிபி செய்தியை முழுதாகத் திறந்து, எண்ணை விட்டுவிட்டு மற்ற சொற்களை மட்டும் இங்கே எழுதுங்கள். அப்பாவிடம் கோபப்படாமல் கேளுங்கள், மதியம் அந்த லிங்க்கைத் திறந்தாரா என்று. கோபப்பட்டால் இல்லை என்பார். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மழைச்சாரல் · மார்ச் 4, இரவு 10.31

கை நடுங்குகிறது. செய்தியில் இருப்பது இது:

```
புதிய கருவியில் மொபைல் ஆப்பைப் பதிவு செய்வதற்கான ஓடிபி: ______
நீங்கள் கேட்கவில்லை என்றால் உடனே எங்களை அழைக்கவும்.
```

அப்பா புது போன் எதுவும் வாங்கவில்லை. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் சொன்னார். மதியம் போனிலேயே திறந்திருக்கிறார். வங்கிப் பக்கம் போலவே இருந்ததாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறார். "சரிபார்க்கிறோம், பக்கத்தை மூட வேண்டாம்" என்று ஒரு வட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றியிருக்கிறது. பிறகு ஓடிபி கேட்டது. அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்திருக்கிறார். பேசிவிட்டுத் திரும்பி வந்து எண்ணைப் போட்டபோது நேரம் முடிந்துவிட்டது என்று வந்ததாம். அதனால்தான் என்னை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

பழைய கணக்கர் · மார்ச் 4, இரவு 10.36

இப்போதே செய்யுங்கள், இங்கே பதில் எழுத வேண்டாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். செய்தியில் ஏதாவது எண் இருந்தால் அது வேண்டாம். தேடிப் பிடித்த எண்ணும் வேண்டாம். பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது, புதுக் கருவி பதிவு செய்ய முயன்றிருக்கிறார்கள் என்று இந்த இரண்டையும் சொல்லுங்கள். இணையவழிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை அப்பாவின் ஆப்பில் இருந்து மாற்றுங்கள். பதிவான கருவிகள், பணம் பெறுவோர் பட்டியல் இரண்டிலும் தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். அதே பாஸ்வேர்டு மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மழைச்சாரல் · மார்ச் 4, இரவு 11.48

பணம் போகவில்லை. வங்கியில் பார்த்துச் சொன்னார்கள்: மதியம் புதுக் கருவிப் பதிவுக்கு இரண்டு முயற்சி நடந்திருக்கிறது, இரண்டும் முடியவில்லை. அந்தச் சரிபார்ப்புச் செய்தி நாங்கள் அனுப்பியது இல்லை என்றும் சொன்னார்கள். எல்லாம் மாற்றியாகிவிட்டது. அப்பாவின் மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டுதான், அதையும் மாற்றினேன்.

அத்தை அந்த நிமிடத்தில் அழைத்திருக்காவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நேர்வழி · மார்ச் 5, காலை 7.20

நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நேற்று நீங்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். மன்னியுங்கள். ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. கம்ப்யூட்டரில் உண்மையான வங்கிப் பக்கம் எப்படித் திறந்தது? அப்பாவின் போனில் மட்டும் ஏன் போலி?

வலைநூல் · மார்ச் 5, காலை 8.05

நல்ல கேள்வி. பக்கத்தைக் கேட்கும்போது நம் பிரவுசர், தான் என்ன வகை, எந்தக் கருவியில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லும். எஸ்எம்எஸ் போவது போனுக்கு. ஆகவே போனில் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் போலிப் பக்கம், கம்ப்யூட்டரில் இருந்து வருகிறவர்களை உண்மையான வங்கிக்குத் திருப்பிவிடு என்று ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆராய்ந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பார்கள், அவர்கள் கண்ணில் படாமல் இருக்க இது. சில லிங்க்குகள் ஒரு தடவைதான் போலியைக் காட்டும், இரண்டாம் தடவை அசலுக்குப் போய்விடும். முடிவில் உள்ள `8kq2` போன்ற துண்டு ஆளுக்கு ஒன்றாகவும் இருக்கலாம், யார் திறந்தார்கள் என்று கணக்கு வைக்க.

ஆகவே திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது. திறக்காமல், விரலை லிங்க்கின் மேல் அழுத்திப் பிடித்து, நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிப் படியுங்கள். முழு முகவரியும் தெரியும்.

அந்தத் தவறான பாஸ்வேர்டு சோதனையையும் இனி யாருக்கும் சொல்ல வேண்டாம் நேர்வழி. ஒரு காலத்தில் ஓரளவு பலித்தது. இப்போது நீங்கள் போடுவதை அவர்கள் அதே நொடியில் உண்மைத் தளத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே தவறு என்று வந்தால் இங்கேயும் தவறு என்று காட்டுவார்கள். அப்போது நமக்கு நம்பிக்கை கூடிவிடுகிறது. அடுத்து சரியானதைப் போட்டுவிடுவோம்.

பழைய கணக்கர் · மார்ச் 5, காலை 9.30

அந்தச் சுற்றும் வட்டம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது பிடிபடுவதில்லை. அப்பா பாஸ்வேர்டு போட்டதும் எதிர்முனையில் ஒரு ஆளோ, ஒரு நிரலோ அதை வங்கியின் ஆப்பில் போடுகிறது. புதுக் கருவி என்பதால் வங்கி ஓடிபி அனுப்புகிறது. அது அப்பாவின் போனுக்கு வந்து சேரும்வரை அவரைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்குத்தான் வட்டம். ஓடிபி வந்ததும் பெட்டி திறக்கிறது. அவர் எண்ணைப் போட்டால் சில நொடியில் அங்கே போய்ச் சேரும். அதன்பின் அவர்கள் கையில் இருக்கும் போன் வங்கிக்கு உங்கள் அப்பா ஆகிவிடும். அதற்கப்புறம் வரும் ஓடிபி பலவும் அந்த ஆப்புக்கே போகும், உங்களுக்குச் சத்தமே கேட்காது.

இந்த நாடகத்தில் அவர்களால் மாற்ற முடியாத ஒன்று உண்டு. ஓடிபி செய்தியின் சொற்கள். அதை எழுதுவது வங்கி. பக்கம் "சரிபார்ப்பு" என்று சொல்லும், ஓடிபி "புதிய கருவி" என்று சொல்லும், அல்லது "பணம் பெறுபவரைச் சேர்க்க" என்று சொல்லும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அந்த நொடியில் நிறுத்திவிடலாம், பாஸ்வேர்டு போயிருந்தாலும் பாதி தப்பித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் திரையின் மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பில் ஆறு இலக்கம் மட்டும் தெரியும், சில போன்கள் எண்ணைத் தானே எடுத்து நிரப்பவும் முன்வரும். செய்தியைத் திறந்து படிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. எல்லா வங்கிகளும் காரணத்தைத் தெளிவாக எழுதுவதும் இல்லை. வெறும் எண் மட்டும் வந்தால் இந்த வழி உதவாது.

கார்த்திகை · மார்ச் 5, பிற்பகல் 3.15

நடுவில் வருகிறேன். அந்தச் செய்தி எப்படி வங்கியின் பழைய உரையாடலுக்குள் போனது? போனுக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?

வலைநூல் · மார்ச் 5, மாலை 4.02

இல்லை, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும்போது அனுப்புநர் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைப் போடலாம், 11 எழுத்து வரை. பல வலையமைப்புகளில் அந்தப் பெயர் யாருடையது என்று சரிபார்ப்பதே இல்லை. போன் பெயரை மட்டும் பார்த்து, ஒரே பெயரில் வந்ததையெல்லாம் ஒரே உரையாடலில் அடுக்கிவிடும். அஞ்சல் உறையில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அது மாதிரி.

பழைய கணக்கர் · மார்ச் 5, மாலை 6.20

இதுதான் படித்தவர்களையும் சாய்க்கிறது. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பெரிய வங்கியின் பெயரில் வந்த எஸ்எம்எஸ்கள் அதன் அசல் செய்திகளுக்குக் கீழேயே போய் விழுந்தன. சுமார் 790 வாடிக்கையாளர்கள் இழந்தது 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. 2022 ஜனவரியில் அங்கே வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களில் லிங்க் வைப்பதையே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பரிமாற்றத்துக்குப் போனிலிருந்தே ஒப்புதல் தரும் டிஜிட்டல் டோக்கனைப் புதுக் கருவியில் பதிந்தால் அது வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்றும் வைத்தார்கள். மழைச்சாரலின் அப்பா விஷயத்தில் ஒருவேளை ஓடிபி போயிருந்தாலும், இப்படி ஒரு காத்திருப்பு இருந்தால் இரவுக்குள் பிடித்திருக்கலாம். 2023 ஜனவரி 31-லிருந்து பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் அங்கே `Likely-SCAM` என்ற பெயரோடு வருகிறது. எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு இல்லை.

வலைநூல் · மார்ச் 6, காலை 7.45

முதலில் எழுதியதில் ஒரு திருத்தம். உங்கள் லிங்க்கில் கடைசி இரண்டு துண்டை எடுத்துச் சொன்னேன். எப்போதும் இரண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். `.co.uk` மாதிரி முடிவே இரண்டு துண்டாக இருந்தால் மூன்றாவதுதான் சொந்தக்காரரின் பெயர். எண்ணிப் பார்ப்பதைவிட, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த வங்கி முகவரியோடு வலது ஓரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது எளிது.

இன்னொன்றும் பார்த்தேன். அசல் லிங்க்கை மழைச்சாரல் தனியாக அனுப்பியிருந்தார், அந்தப் பெயர் எப்போது பதிவானது என்று தேடினேன். கட்டளை இவ்வளவுதான், இங்கேயும் மாற்றிய பெயரையே எழுதியிருக்கிறேன், நீங்கள் அசல் பெயரைப் போட வேண்டும்:

```
whois account-confirm.test
```

விடையில் `Creation Date` என்ற வரியைப் பாருங்கள். செய்தி வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் பதிவு செய்திருக்கிறார்கள். பல வருடமாக நடக்கும் வங்கிக்கு இரண்டு நாள் வயதுள்ள முகவரி இருக்காது. ஆனால் மறுபக்கம் பலிக்காது: பெயர் பழையது என்பதால் நல்லது என்று ஆகாது. யாரோ கவனிக்காமல் விட்ட பழைய தளத்துக்குள் புகுந்து அங்கே போலிப் பக்கத்தை வைப்பதும் உண்டு.

கார்த்திகை · மார்ச் 6, இரவு 8.30

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். என் வங்கி ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் அனுப்பியது. லிங்க்கின் வலது ஓரத்தில் வங்கியின் பெயரே இல்லை, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர். போலி என்று அழித்தேன். மூன்று வாரம் கழித்து என் கணக்கில் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், படிவம் வாங்கும் வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறோம், அது உண்மைதான் என்றார்கள். வலைநூல் சொன்னபடிதான் படித்தேன், தவறாகப் போய்விட்டதே?

பழைய கணக்கர் · மார்ச் 6, இரவு 9.10

நீங்கள் செய்தது சரிதான், தவறு வங்கியுடையது. இதைப் பற்றி உள்ளே இருந்தபோது நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பலன் இல்லை. அழித்ததோடு நிற்காமல் அன்றே ஆப்பைத் திறந்து பார்த்திருந்தால் நிலுவை ஏதாவது இருந்தால் அங்கே பெரும்பாலும் காட்டியிருக்கும். ஆப்பில் காட்டாமல் மின்னஞ்சலில் மட்டும் கேட்கும் வங்கிகளும் இருக்கின்றன, அவர்களுக்குக் கார்டு எண்ணில் அழைத்துக் கேட்பதுதான் வழி.

நேர்வழி · மார்ச் 7, காலை 6.50

கடைசி நான்கு இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லையே.

பழைய கணக்கர் · மார்ச் 7, காலை 10.00

உறுதியாகச் சொல்ல வழியில்லை. ரசீதுகளில், அறிக்கைகளில், கடைகளின் பதிவேடுகளில் மறைக்காமல் விடும் பகுதியே அந்த நான்கு இலக்கம்தான், அது ரகசியமே இல்லை. எங்கேயாவது கசிந்த பட்டியலில் பெயர், போன் எண்ணோடு இருந்திருக்கலாம். எனக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலே மூடினோம்.

வலைநூல் · மார்ச் 7, முற்பகல் 11.15

என் சந்தேகம் வேறு. அப்பா இதற்கு முன்னால் வேறு ஏதாவது பக்கத்தில் கணக்கு எண் கொடுத்தாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை பாதி விவரம் வாங்கிவிட்டு, அடுத்த தடவை அதைக் காட்டி மீதியை வாங்குவதும் நடக்கிறது.

பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக் கொடுங்கள். அது கண்ணால் பார்ப்பதில்லை, சேமித்த முகவரியோடு ஒப்பிடும். போலிப் பக்கத்தில் நிரப்பாமல் சும்மா இருக்கும். அசல் தளத்திலும் சில நேரம் நிரப்பாது என்பது உண்மை, ஆனால் அது நிரப்பாத இடத்தில் கையால் ஒட்டும் முன் முகவரியைப் படிக்கலாம்.

மழைச்சாரல் · மார்ச் 19, மாலை 5.25

கேட்டேன். நினைவில்லை என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

இன்று அதே உரையாடலில் இன்னொன்று வந்திருக்கிறது. அப்பா திறக்கவில்லை. லிங்க்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வலமிருந்து பின்னோக்கிப் புள்ளிகளுக்குக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார், அதைக் கேட்கச் சொன்னார். நடுவில் இந்தக் குறி எதற்கு?

```
https://mybank.example@kyc-update.test/login
```

வலைநூல் · மார்ச் 19, மாலை 5.41

அப்பாவிடம் சொல்லுங்கள், சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார். முகவரியின் இந்தப் பகுதியில் `@` வந்தால் அதற்கு முன்னால் இருப்பது வெறும் பயனர் பெயர். பிரவுசர் போகும் இடம் அதற்குப் பின்னால் இருப்பது, `kyc-update.test`. mybank.example என்பது அங்கே ஒரு ஆளின் பெயர் மாதிரி, போகிற ஊர் இல்லை.

மழைச்சாரல் · மார்ச் 19, மாலை 5.58

சொன்னேன். தாளில் `@` வரைக்கும் அடித்துவிட்டு மீதியை வாசித்துக் காட்டினார். செய்தியை அழிக்க வேண்டாம், வங்கிக்கு அனுப்பிவிட்டு அழிக்கலாம் என்கிறார்.